பிரியாவிடை உரை: 12 நிமிடத்தை 4 நிமிடமாக்குவது

*கேள்வி: எங்கட பாடசாலை துணுக்காய்ப் பக்கம். அதிபர் 60 வயதோட ஓய்வு பெறுகிறார். ஆசிரியர்கள் வைச்ச சேவை நயப்பு விழாவில நான் வாசிச்ச உரை 12 நிமிசம். பிறப்பு, படிப்பு, நியமனங்கள், 2010இல மீளக் குடியேறின காலம், கட்டடங்கள், பெறுபேறு, குணநலன், ஒரு கவிதை, வாழ்த்து எல்லாம் இருக்குது. இப்ப பரிசளிப்பு விழாவிலயும் அதையே பேசச் சொல்லுகினம், 4 நிமிசம்தான் தருவினம். காலமை கேற்றடியில நிண்டு “சாப்பிட்டிட்டோ வந்தனீ” எண்டு பிள்ளைகளைக் கேக்கிறவர். சாப்பிடாத பிள்ளையிட்ட வரவு இடாப்பைக் குடுத்து மனையியல் அறைக்கு அனுப்புவார், அங்க பாண் இருக்கும். 2010இல புளியமரத்தடியில வகுப்பு எடுத்தவர், மரம் இப்பவும் நிக்குது. இதெல்லாம் உரையில ஒவ்வொரு வரிதான் இருக்குது. எப்பிடிச் சுருக்கிறது? சுருக்கினா உயிர் போயிடாதோ?*

உயிர் அந்த ஒவ்வொரு வரியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தவை. ஆகவே உரை முழுவதையும் ஒரே அளவாகக் குறைக்கப் பார்க்காதீர்கள். எல்லாப் பந்தியிலும் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு பெயர்ப்பட்டியலும் சில அடைமொழிகளும்தான். சில பகுதிகளை முழுதாக எடுத்துவிட்டு, ஒரு வரியாக நிற்கும் இரண்டு காட்சிகளுக்கு ஒவ்வொரு நிமிடம் கொடுங்கள்.

முதலில் நேரக் கணக்கைச் சரிபார்ப்போம். மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 90 சொற்கள் போகும். உங்கள் 12 நிமிட உரை ஆயிரம் சொற்களுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். 4 நிமிடத்துக்கு 340 சொற்கள் வரை கொள்ளும் என்று தோன்றும். ஆனால் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், இடையில் ஒலிவாங்கி ஒருமுறை கீச்சிடும். இதற்கெல்லாம் அரை நிமிடம் விட்டு, 300 சொற்களுக்குள் எழுதுங்கள். எழுதியதை மனதுக்குள் வாசித்து நேரம் பார்க்கக்கூடாது. மனதுக்குள் வாசிப்பது எப்போதும் விரைவாகப் போகும். எழுந்து நின்று, மேடையில் பேசும் குரலில் வாசித்து, கைபேசியில் நேரம் பாருங்கள்.

உங்கள் உரையின் பகுதிகள் எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். இப்படியான உரைகளில் பெரும்பாலும் விளிச்சொற்களுக்கு ஒன்றரை நிமிடம், பிறப்பு, கல்வி, நியமனங்களுக்கு இரண்டரை, கட்டடத்துக்கும் பெறுபேற்றுக்கும் இரண்டரை, குணநலனுக்கு இரண்டரை, மீள்குடியேற்றத்துக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, வாழ்த்துக்கும் நன்றிக்கும் ஒன்று என்று போயிருக்கும். அடுத்து பரிசளிப்பு விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்து உரைக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த மேடையில் வேறு யாராவது சொல்லப்போவதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. வெட்டுவதற்கு இதைவிட நேரான அளவுகோல் கிடையாது.

கட்டடம், பெறுபேறு இரண்டும் அதிபர் அறிக்கையில் வரும். பரிசளிப்பு விழாவில் அந்த அறிக்கையை வாசிக்கப்போவது அவரேதான். புலமைப்பரிசிலில் எத்தனை பேர், சாதாரண தரத்தில் எத்தனை பேர் என்று அவர் வாசித்த அரை மணித்தியாலத்துக்குள் அதே எண்களை நீங்கள் திரும்பச் சொன்னால் சபை கேட்காது. எண்ணில் ஒன்று மாறிவிட்டால் இன்னும் சங்கடம். பிறந்த ஊர், படித்த பாடசாலை, அதிபர் சேவையில் தரம் உயர்ந்த ஆண்டு எல்லாம் வாழ்த்துமடலில் இருக்கும். அதைச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பார்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் நன்றி சொல்ல ஒருவர் நன்றியுரைக்கு இருக்கிறார். அதிபரும் தன் ஏற்புரையில் அவர்களைக் குறிப்பிடுவார். இந்த மூன்றையும் எடுத்தாலே ஐந்தரை நிமிடம் போய்விடுகிறது. யாருக்கும் ஒன்றும் குறைந்ததாகவும் தெரியாது.

கவிதை நீங்கள் எழுதியதென்றால் அதை எடுப்பது மனதுக்கு வலிக்கும். ஆனாலும் எடுங்கள். ஒருநாள் முழுக்க வெயிலில் இருந்த சபைக்கு, ஓர் உரைக்கு நடுவில் வரும் மரபுக்கவிதை காதில் ஏறாது. சந்தத்தைக் காப்பாற்ற நீங்கள் குரலை மாற்றும் நேரத்தில் பின்வரிசை கதைக்கத் தொடங்கிவிடும். அதை மணிவிழா மலருக்குக் கொடுங்கள். அங்கே ஆறுதலாக வாசிப்பார்கள்.

விளிச்சொற்கள்தான் பலருக்கும் வெட்டப் பயமாக இருக்கும் இடம், ஒருவரைத் தவறவிட்டால் மனக்குறை வரும் என்பதால். வருகை தந்தவர்களைப் பெயரும் பதவியும் சொல்லி வரவேற்பது வரவேற்புரையின் வேலை. அது முடிந்திருக்கும். நீங்கள் பதவியை மட்டும் சொல்லி, பெயர் எதுவும் சொல்லாமல், ஒரே மூச்சில் முடிக்கலாம். ஒரு பெயரைச் சொன்னால் எல்லாப் பெயரையும் சொல்லவேண்டி வரும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒருவரும் விடுபடவில்லை. ஆனால் முன்வரிசையில் முன்னாள் அதிபர் ஒருவர் வந்திருந்தால் “முன்னாள் அதிபர்களே” என்ற சொல்லை மட்டும் விடாதீர்கள். அவரை அன்றைக்கு வேறு யாரும் நினைக்காமல் விடக்கூடும்.

குணநலன் பகுதிக்கு வருவோம். இதைக் குறைக்க வேண்டாம், மாற்றி எழுதுங்கள். பழைய உரையில் இந்த இடம் அநேகமாக இப்படி இருந்திருக்கும்:

“அன்பும் பண்பும் ஆற்றலும் ஒருங்கே அமையப்பெற்ற எமது அதிபர் அவர்கள் மாணவர்களின் நலனில் அளப்பரிய அக்கறை கொண்டவராய் நாள்தோறும் காலை வேளையில் பாடசாலை வாயிலில் நின்று மாணவர்களை இன்முகத்துடன் வரவேற்று அவர்தம் நலன்களைக் கேட்டறிந்து ஆவன செய்து வந்தமை இவ்விடத்தில் நன்றியுடன் நினைவுகூரத்தக்கது.”

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இலங்கையில் ஓய்வு பெறுகிற எந்த அதிபருக்கும் இதை வாசிக்கலாம். அடைமொழிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு மனிதர் கேற்றடியில் நிற்கிறார். அவர் என்ன கேட்டார் என்பது “நலன்களைக் கேட்டறிந்து” என்ற இடத்தில் மறைந்துபோய்விட்டது. அவர் வாயிலிருந்து வந்த சொல்லை வந்தபடியே வையுங்கள். “காலமை சாப்பிட்டிட்டோ வந்தனீ?” உரை முழுவதும் மேடைத் தமிழில் இருந்து, இந்த ஒரு வாக்கியம் மட்டும் வீட்டுத் தமிழில் வரட்டும். பிள்ளைகள் அந்தக் குரலை அடையாளம் கண்டு சிரிப்பார்கள். அவரைப்போல நடித்துக் காட்ட வேண்டாம். சொற்களே போதும்.

எந்தக் காட்சியை வைப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. தரம் ஆறில் படிக்கிற ஒரு பிள்ளை இதைக் கேட்டுத் தலையாட்டுமா? கேற்றடிக் கேள்விக்கு ஆட்டும். அதிபர் சேவையில் தரம் உயர்ந்ததற்கு ஆட்டாது.

இனி, இடாப்புக் கதை. சேவை நயப்பு விழாவில் அதைச் சொன்னது சரி. அங்கே இருந்தவர்கள் ஆசிரியர்கள். பரிசளிப்பு விழாவில் சொல்லக்கூடாது என்றே நினைக்கிறேன். அதிபர் அந்தப் பிள்ளையின் கையில் இடாப்பைக் கொடுத்து அனுப்பியதே, ஏன் போகிறது என்று வகுப்புக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். மேடையில் நீங்கள் அதைச் சொன்ன மறுகணம், இந்த வருடம் இடாப்போடு மனையியல் அறைக்குப் போன ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பிள்ளையின் தாயும் சபையில்தான் இருப்பார். உரையிலேயே மிக நெகிழ்ச்சியான இடம் இதுதான் என்பதால் விட மனம் வராது. ஆனாலும் அவர் மறைத்ததை அவருடைய விழாவில் நாங்கள் திறந்துவைப்பது நியாயமில்லை. கேற்றடிக் கேள்வியில் இந்தச் சிக்கல் இல்லை. அதை எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டிருக்கிறார், ஆகவே ஒரு பிள்ளையும் தனித்துத் தெரியாது. சப்பாத்து வாங்கிக் கொடுத்தது, பரீட்சைக்குப் போக பஸ் காசு கொடுத்தது போன்ற எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

2010 பற்றிய பகுதிக்கும் இரண்டு விதமான சபை இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். இன்று பாடசாலையில் இருக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் 2009க்குப் பின் பிறந்தவர்கள். இடப்பெயர்வும் முகாமும் அவர்களுக்குக் கேள்விப்பட்ட கதை. தாய் தகப்பனுக்கு அது அனுபவித்த காலம். அங்கே பிள்ளையை, சகோதரத்தை இழந்தவர்கள் அந்தக் கதிரைகளில் இருப்பார்கள். “யுத்தத்தின் கோரப் பிடியில்” என்று தொடங்கும் பந்தி பிள்ளைகளுக்கு ஒன்றையும் காட்டாது. பெரியவர்களுக்கோ காட்டத் தேவையில்லாததைக் காட்டும். உங்கள் உரைக்குப் பிறகு பத்து நிமிடத்தில் கோலாட்டம் மேடையேறப் போகிறது. சபையை அழவைத்துவிட்டு இறங்கினால் அந்தப் பிள்ளைகள்தான் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு ஆடவேண்டும்.

ஆகவே போரைச் சொல்லாமல், மரத்தைச் சொல்லுங்கள். ஒரு வருடம், கூரை இல்லாத கட்டடம், புளியமரம், அதில் சாய்த்த கரும்பலகை. இவ்வளவும் போதும். பெற்றோர் மிச்சத்தைத் தாங்களே நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு மரம் தெரியும், ஏனென்றால் அது இப்பவும் நிற்கிறது. மரத்தடியில் வகுப்பு எடுத்தார் என்று மட்டும் சொன்னால் அது செய்தி. அந்த வகுப்பு நாள் முழுக்க எப்படி நடந்தது என்று அப்போது படித்த ஒருவரிடம் கேளுங்கள். நிழல் நகரும். காலையில் மரத்தின் மேற்குப் பக்கம் இருந்த நிழல் உச்சிக்குப் பிறகு கிழக்குப் பக்கம் திரும்பும். வகுப்பும் அதோடு நகர்ந்திருக்க வேண்டும். கீழே நான் எழுதியிருப்பது அந்த ஊகத்தில்தான். உங்கள் பழைய மாணவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே வையுங்கள். இந்தக் காட்சியை அதிபரே ஏற்புரையில் சொல்ல நினைத்திருக்கிறாரா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னால் இரண்டாவதாகப் பேசுகிறவர் அவர்தான், ஆகவே கெட்டுப்போவது அவருடைய உரை.

இதே இடத்தில் வருகிற ஒரு வழுக்கலையும் சொல்லிவிடுகிறேன். “இவர் வருமுன் இங்கே ஒன்றுமே இருக்கவில்லை” என்ற வாக்கியம் மிக இலகுவாக வந்துவிடும். அது முன்னாள் அதிபரையும், முகாமிலிருந்து வந்து பற்றை வெட்டிய பெற்றோரையும் ஒரே அடியில் இல்லாமல் செய்துவிடும். “இனி இந்தப் பாடசாலை என்ன ஆகுமோ” என்பதும் அப்படித்தான். பதில் அதிபராகப் பொறுப்பெடுக்கப் போகிறவர் நாலு கதிரை தள்ளி இருப்பார்.

இந்தக் கணக்குப்படி எழுதினால் உரை இப்படி வரும்:

> பிரதம விருந்தினர் அவர்களே, எங்கள் அதிபர் அவர்களே, அவருடைய குடும்பத்தாரே, முன்னாள் அதிபர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.
>
> பிள்ளைகளே, காலமை ஏழேகாலுக்கு எங்கள் கேற்றடியில் யார் நிற்பார்?
>
> சேர் நிற்பார். மழை பெய்தால் குடையோடு நிற்பார். உங்களைக் கண்டதும் என்ன கேட்பார்? வீட்டுவேலை செய்தாயா என்று கேட்கமாட்டார். ஏன் பிந்தினாய் என்றும் கேட்கமாட்டார். “காலமை சாப்பிட்டிட்டோ வந்தனீ?” இதுதான் முதல் கேள்வி. தரம் ஒன்றுப் பிள்ளைக்கும் இதே கேள்வி. மீசை அரும்பின தரம் பதினொன்றுப் பெடியனுக்கும் இதே கேள்வி. சில நாள் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதே கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லாமல் இந்தக் கேற்றைத் தாண்டினவர் ஒருவரும் இல்லை.
>
> பெற்றோருக்கு இன்னொரு காலம் நினைவிருக்கும். 2010. நாங்கள் திரும்பி வந்த வருசம். கட்டடத்துக்குக் கூரை இல்லை. வளவு முழுக்கப் பற்றை. நீங்கள் எல்லோரும் கத்தியோடு வந்து துப்புரவாக்கினீர்கள். சேர் கரும்பலகையைப் புளியமரத்தில் சாய்த்து வைத்தார். காலமை மரத்துக்கு மேற்குப் பக்கம் வகுப்பு. வெயில் ஏற ஏற நிழல் நகரும். நிழலோடு பிள்ளைகள் நகருவார்கள். பலகையும் நகரும். பாடசாலை விடுகிற நேரம் வகுப்பு மரத்தின் மற்றப் பக்கம் இருக்கும். அன்றைக்கு அந்த நிழலில் இருந்து படித்தவர்களில் சிலர், இன்றைக்குத் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தச் சபையில் இருக்கிறார்கள். மரமும் அங்கேயே நிற்கிறது.
>
> சேரின் குடும்பத்தாருக்கு ஒரு சொல். பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் உங்களுக்குரிய மனிதரை நாங்கள் வைத்துக்கொண்டோம். நீங்கள் ஒருநாளும் கணக்குக் கேட்கவில்லை. இப்போது அவரை உங்களிடம் திருப்பித் தருகிறோம்.
>
> சேர், இத்தனை வருசமும் நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் மறுமொழி சொன்னோம். இனி இந்த ரோட்டால் போகும்போது கேற்றடியில் ஒரு நிமிசம் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுங்கள். அங்கே நிற்கிற பிள்ளை உங்களைக் கேட்கும்: “சேர், காலமை சாப்பிட்டிட்டோ வாறீங்கள்?”
>
> வணக்கம்.

இதில் சொற்கள் 200க்குக் கிட்டத்தான். குறுகிய வாக்கியங்களும் நிறுத்தங்களும் நிறைய இருப்பதால் 3 நிமிடத்துக்குக் கிட்ட எடுக்கும். மிச்ச இடத்தில் உங்களுக்குத் தெரிந்த இன்னொரு காட்சியை, அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானதாக, நாலைந்து வரியில் சேர்க்கலாம். பாடசாலைக் காவலாளியிடமும் மூத்த ரீச்சர் ஒருவரிடமும் “சேர் இல்லாத நாள் என்ன வித்தியாசம் தெரியும்?” என்று கேளுங்கள். “சேரைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டால் “நல்ல மனிசன்” என்ற மறுமொழிதான் வரும். மற்றக் கேள்விக்கு “தண்ணி மோட்டர் போட ஆள் இல்லை” என்பதுபோல ஏதாவது வரும். உங்களுக்கு வேண்டியது அதுதான். ஒன்றும் கிடைக்காவிட்டால் சேர்க்காமலே விடுங்கள். 4 நிமிடம் தந்த இடத்தில் 3 நிமிடம் பேசியதற்கு ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

குடும்பத்தாரைப் பற்றிய பகுதியை அவருடைய துணைவியாரிடம் முன்னமே காட்டிவிடுங்கள். வீட்டில் நோய், இழப்பு ஏதும் இருந்தால் “திருப்பித் தருகிறோம்” என்ற வாக்கியம் வேறு விதமாகக் கேட்கும். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், மற்றப் பகுதிகள் அதை நம்பி நிற்கவில்லை.

கவனித்திருப்பீர்கள், “அவர்கள்” என்ற மரியாதைச் சொல் முதல் வரியில் மட்டும்தான் வருகிறது. அதன்பிறகு பிள்ளைகள் கூப்பிடுகிறபடி “சேர்”. கடைசிப் பகுதி வரைக்கும் சபையைப் பார்த்து அவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். கடைசியில் ஒரே ஒருமுறை அவர் பக்கம் திரும்பி நேரே பேசுகிறீர்கள். “சேர்” என்று சொன்னதும் மூன்று வினாடி நிறுத்துங்கள். ஒலிவாங்கி தாங்கியில் பொருத்தியது என்றால், முகத்தைத் திருப்பும்போது குரல் போய்விடும். ஆகவே உடலை ஒரு அடி பக்கவாட்டில் நகர்த்தி, ஒலிவாங்கி உங்களுக்கும் அவருக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். முதல்நாள் ஒத்திகையில் இதைச் செய்து பார்த்தால்தான் அன்றைக்கு வரும். தொண்டை அடைக்கக்கூடிய இடமும் இதுதான். அடைத்தால் ஒலிவாங்கியிலிருந்து சற்று விலகி, மூச்சு எடுத்து, அதே வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

“யார் நிற்பார்?” என்ற கேள்விக்குப் பிள்ளைகள் உரத்து மறுமொழி சொல்லுவார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாதீர்கள். கடைசிக் கேள்வியை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கும்படி பழக்கலாமா என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். பழக்கிய குரலில் அது பாடசாலைக் கீதம்போல ஒலிக்கும். உங்கள் ஒரு குரலில் வந்தால், பிள்ளைகளே தாங்களாகச் சேர்ந்து கத்தவும் இடமிருக்கும்.

திறந்தவெளிப் பந்தலில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தால், சொன்ன சொல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த சொல்லோடு மோதும். நீண்ட வாக்கியம் அங்கே முழுதாகக் கரைந்துவிடும். மேலே வாக்கியங்கள் கட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் எதிரொலி அடங்கும்வரை நில்லுங்கள். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்றும் மூச்சும் இரையாது. தாளில் எழுத்து 16 அளவிலும், ஒரு வாக்கியம் ஒரு வரியிலும், ஒரு பக்கத்தில் மட்டும் அச்சாகவும் இருக்கட்டும். மின்விசிறி தாளைத் தூக்கும், ஆகவே கிளிப் அட்டையில் வையுங்கள்.

நிகழ்ச்சி நிரல் தயாரிப்பவரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். உங்கள் உரை பரிசில் வழங்கி முடிந்ததும், பொன்னாடைக்கும் வாழ்த்துமடலுக்கும் முன்னால் வரவேண்டும். பின்னால் வைத்தால், அவர் கழுத்தளவு மாலையோடு நிற்பார், பழைய மாணவர்கள் படம் எடுக்க மேடையில் ஏறி நிற்பார்கள், நீங்கள் அவர்களுடைய முதுகுக்குப் பேசவேண்டி வரும். முன்னால் வைத்தால் கடைசிக் கேள்விக்கு வருகிற கைதட்டல் ஓயுமுன்னே பொன்னாடை போர்த்தலாம். பிறகு வாழ்த்துமடல், அதன்பின் அவருடைய ஏற்புரை.

நிகழ்ச்சி பிந்திப்போய், மேடையில் ஏறும்போது “இரண்டு நிமிசத்தில முடியுங்கோ” என்று காதில் சொல்லுவார்கள். அதற்கு இப்போதே தயாராகத் தாளில் கோடு போடுங்கள். முதலில் போகவேண்டியது புதிதாகச் சேர்த்த காட்சி, அடுத்தது குடும்பப் பகுதி. இன்னும் குறைக்கவேண்டும் என்றால் மரம் போகலாம், கேற்றடியும் கடைசிப் பகுதியும் மட்டும் நிற்கட்டும். வேகமாக வாசித்து எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

பழைய 12 நிமிட உரையைப் பிரதி எடுத்து, கவிதையும் நியமன விபரங்களும் அப்படியே இருக்க, மலர்க் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். இடாப்புக் கதையை மட்டும் அதிலும் எடுத்துவிட்டுக் கொடுங்கள், மலர் ஊரில் எல்லா வீட்டுக்கும் போகும்.